வென்ற பந்தயத்தில் பணம் குறைவது ஏன்? குதிரை விலகும்போது செயற்படும் ‘ரூல் 4’

பிரித்தானியக் குதிரைப் பந்தயம் ஒன்றில் 5/1 விலையில் ஒருவர் 10 பவுண் கட்டுகிறார். அவர் தெரிவு செய்த குதிரை முதலாவதாக வருகிறது. இலாபம் 50 பவுண், கட்டிய பணம் 10 பவுண், ஆக 60 பவுண் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு சீட்டுடன் கடைக்குப் போகிறார். அங்கே அவருக்கு 45 பவுண் மட்டுமே கொடுக்கப்படுகிறது. 15 பவுண் எங்கே என்று கேட்டால், “ரூல் 4” என்று ஒரே சொல்லில் பதில் வருகிறது. திரையிலோ சீட்டிலோ R4 என்று எழுதப்பட்டிருக்கும். அதற்கு மேல் யாரும் விளக்குவதில்லை.

தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் நினைப்பது இயல்பானதே. பெரும்பாலான வேளைகளில் அந்தக் கணக்கு சரியாகவே இருக்கும். ஆனால் எல்லா வேளைகளிலும் அப்படி இல்லை. இது வரியும் அல்ல, கடைக்காரர் தமது விருப்பப்படி எடுக்கும் தரகும் அல்ல. எல்லோருக்கும் பொதுவான ஓர் அட்டவணைப்படி செய்யப்படும் கழிப்பு. ஆகவே கையில் சீட்டும் ஒரு பென்சிலும் இருந்தால் எவரும் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

லண்டனிலும் ஏனைய பிரித்தானிய நகரங்களிலும் வாழும் நம்மவர்களுக்குத் தெருவுக்குத் தெரு இருக்கும் பந்தயக் கடைகள் பழக்கமானவை. இலங்கையில் உள்ள புக்கி கடைகளிலும் மாலை வேளைகளில் ஓடுவது பெரும்பாலும் பிரித்தானிய ரேஸ்கள்தான். எனவே இந்த விதி இரு நாடுகளிலும் உள்ள வாசகர்களின் கையிருப்பைத் தொடுகின்ற ஒன்று.

விதி எங்கிருந்து வந்தது

லண்டனில் 1766 இல் ரிச்சர்ட் டட்டர்சோல் என்பவர் குதிரை ஏல நிறுவனம் ஒன்றை ஆரம்பித்தார். அந்த இடம் காலப்போக்கில் பந்தயம் கட்டுபவர்கள் கூடிக் கணக்குத் தீர்க்கும் இடமாகவும் மாறியது. பந்தயத் தகராறுகளைத் தீர்க்க உருவான குழு அந்தப் பெயராலேயே டட்டர்சோல்ஸ் கமிட்டி என்று அழைக்கப்பட்டது. அக்குழுவின் பந்தய விதிகளில் நான்காவது விதியின் ஒரு பிரிவுதான், குதிரை விலகும்போது எவ்வளவு கழிக்க வேண்டும் என்று சொல்கிறது. அதனால்தான் கடைகளில் அது ‘ரூல் 4’ எனப்படுகிறது.

இந்த விதி ஏன் தேவைப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள, விலை என்றால் என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். 5/1 என்றால் ஒரு பவுணுக்கு ஐந்து பவுண் இலாபம். அதன் மறுபக்கம், அந்தக் குதிரை வெல்வதற்கு ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பதாகக் கடை கணிக்கிறது என்பதாகும். 2/1 என்றால் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு.

இப்போது ஒரு பந்தயத்தில் 2/1 விலையில் இருந்த பேவரிட் குதிரை ஓடாமல் விலகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் கையில் இருந்த மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு காற்றில் கரைந்துபோவதில்லை. எஞ்சிய குதிரைகள் அதைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆறில் ஒரு வாய்ப்புடன் இருந்த நமது 5/1 குதிரைக்கு இப்போது நான்கில் ஒரு வாய்ப்பு. அதாவது அதன் நியாயமான விலை 3/1 ஆகிவிட்டது. ஆனால் சீட்டில் 5/1 என்று எழுதியாயிற்று. பலமான போட்டியாளன் இல்லாத பந்தயத்துக்கு, அவன் இருந்தபோது பேசிய விலையையே முழுமையாகக் கொடுத்தால் கடை நட்டப்படும். இந்த இடைவெளியை நிரப்புவதற்காக ஏற்பட்டதே கழிப்பு.

அட்டவணை

கழிப்பு எவ்வளவு என்பது, விலகிய குதிரை விலகும் நேரத்தில் என்ன விலையில் இருந்தது என்பதை மட்டுமே பொறுத்தது. வென்ற குதிரையின் விலை இதைத் தீர்மானிப்பதில்லை. கழிப்பு இலாபத்தில் ஒவ்வொரு பவுணுக்கும் இத்தனை பென்ஸ் என்று சொல்லப்படும். வழமையாகச் சந்திக்கும் படிகள் இவை:

- 14/1 இற்கு மேல்: கழிப்பு இல்லை
- 10/1 முதல் 14/1 வரை: 5 பென்ஸ்
- 6/1 முதல் 9/1 வரை: 10 பென்ஸ்
- 9/2 முதல் 11/2 வரை: 15 பென்ஸ்
- 10/3 முதல் 4/1 வரை: 20 பென்ஸ்
- 5/2 முதல் 3/1 வரை: 25 பென்ஸ்
- 15/8 முதல் 9/4 வரை: 30 பென்ஸ்
- 13/8 முதல் 7/4 வரை: 35 பென்ஸ்
- 5/4 முதல் 6/4 வரை: 40 பென்ஸ்
- 1/1 முதல் 6/5 வரை: 45 பென்ஸ்

1/1 ஐக் கடைகளில் ‘ஈவன்ஸ்’ என்பார்கள். கட்டிய தொகைக்குச் சமமான இலாபம் என்பது அதன் பொருள். விலகிய குதிரை அதையும்விடக் குறைந்த விலையில் இருந்திருந்தால் கழிப்பு 50 பென்ஸில் தொடங்கிப் படிப்படியாக 90 பென்ஸ் வரை ஏறும். 90 இற்கு மேல் போவதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட குதிரைகள் விலகினால் அவற்றின் கழிப்புகள் கூட்டப்படும். அப்போதும் உச்ச எல்லை 90 பென்ஸ்தான். 5 பென்ஸ் கழிப்பு மட்டும் வரும் வேளைகளில் சில நிறுவனங்கள் அதை எடுக்காமல் விட்டுவிடுவதும் உண்டு.

முதலில் சொன்ன சீட்டுக்கு வருவோம். விலகிய குதிரை 2/1 விலையில் இருந்தது. அது 15/8 இற்கும் 9/4 இற்கும் இடையில் வருகிறது. எனவே பவுணுக்கு 30 பென்ஸ். இலாபம் 50 பவுண், அதில் 30 வீதம் 15 பவுண். மீதி 35 பவுண் இலாபமும் கட்டிய 10 பவுணும் சேர்ந்தால் 45 பவுண். கடை கொடுத்தது சரியான தொகையே.

இங்கே கவனிக்க வேண்டியது, கட்டிய 10 பவுணில் கை வைக்கப்படவில்லை என்பதாகும். கழிப்பு இலாபத்திலிருந்து மட்டுமே எடுக்கப்படும். மொத்தம் 60 பவுணிலிருந்து 30 வீதம் கழித்து 42 பவுண் கொடுத்திருந்தால் அது பிழையான கணக்கு. அப்படிக் கொடுத்தால் கேள்வி கேட்கலாம்.

ஈச்-வே சீட்டில் வரும் இரண்டாவது அடி

‘ஈச்-வே’ என்பது உண்மையில் ஒரே சீட்டில் உள்ள இரண்டு பந்தயங்கள். ஒரு பாதி குதிரை வெல்லும் என்பதற்கு. மறுபாதி அது இடம்பிடிக்கும் என்பதற்கு. 10 பவுண் ஈச்-வே என்றால் கையிலிருந்து போவது 20 பவுண். எத்தனை இடங்களுக்குப் பணம், விலையில் எத்தனை பங்கு என்பவை ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து மாறும். ஹண்டிகப் அல்லாத சாதாரண பந்தயத்தில் எட்டோ அதற்கு மேலோ ஓடினால் முதல் மூன்று இடங்களுக்கு விலையில் ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து முதல் ஏழு வரை ஓடினால் முதல் இரண்டு இடங்களுக்கு நான்கில் ஒரு பங்கு. நான்கோ அதற்குக் குறைவோ ஓடினால் இடத்துக்குப் பணமே இல்லை.

இதுதான் பலரும் எதிர்பாராத இடம். எட்டுக் குதிரைகள் பெயர் கொடுத்த பந்தயத்தில் ஒன்று விலகினால் ஏழு ஆகிறது. மூன்றாம் இடம் அத்தோடு போய்விடுகிறது. இதை ஒரு கற்பனைப் பந்தயத்தின் மூலம் முழுமையாகப் பார்ப்போம்.

எட்டுக் குதிரைகள் உள்ள ஒரு பந்தயம். காலையில் ஒருவர் 4ஆம் இலக்கக் குதிரைக்கு 5/1 விலையில் 10 பவுண் ஈச்-வே கட்டுகிறார். பிற்பகலில் குதிரைகள் தொடக்கக் கூண்டுக்குள் போகும்போது 2/1 விலையிலிருந்த பேவரிட் உள்ளே போக மறுத்துவிடுகிறது. தொடக்க அதிகாரி அதை விலக்குகிறார். ஏழு குதிரைகள் ஓடுகின்றன.

4ஆம் இலக்கம் வென்றால், வெற்றிப் பாதிக்கு மேலே பார்த்ததுபோல 45 பவுண். இடப் பாதிக்கு இப்போது விலையில் நான்கில் ஒரு பங்கு. 5/1 இல் நான்கில் ஒரு பங்கு என்றால் 10 பவுணுக்கு 12.50 பவுண் இலாபம். இடப் பாதிக்கும் அதே 30 வீதம் கழிக்கப்படுவதே வழமை. 3.75 போனால் 8.75 பவுண். கட்டிய 10 பவுணோடு 18.75 பவுண். இரண்டும் சேர்த்து 63.75 பவுண். எட்டுக் குதிரைகளும் ஓடியிருந்தால் அவருக்கு 60 உம் 20 உமாக 80 பவுண் கிடைத்திருக்கும்.

4ஆம் இலக்கம் மூன்றாவதாக வந்தால் நிலைமை வேறு. எட்டும் ஓடியிருந்தால் இடப் பாதிக்கு 20 பவுண் கிடைத்து, போட்ட பணமாவது திரும்பியிருக்கும். ஏழு மட்டும் ஓடியதால் ஒரு பென்ஸும் இல்லை. இது ரூல் 4 கழிப்பு அல்ல, ஆனால் அதே விலகலின் விளைவு. எட்டுக் குதிரைகள் மட்டுமே உள்ள பந்தயத்தில் ஈச்-வே கட்டுபவர் இந்த அபாயத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

எது விலகல், எது விலகல் அல்ல

பிரித்தானியாவில் ஒரு பந்தயத்துக்கு ஓடும் குதிரைகளின் இறுதிப் பட்டியல் பந்தயத்துக்கு ஒன்று அல்லது இரண்டு நாட்களுக்கு முன்னர் முடிவாகும். அதன் பின்னர் ஒரு குதிரை ஓடாமல் போனால்தான் ரூல் 4 வருகிறது. நிலம் ஈரமாகிவிட்டதென்று பயிற்சியாளர் காலையில் விலக்கிக்கொள்ளலாம். மிருக வைத்தியர் தடுக்கலாம். தொடக்க இடத்துக்குப் போகும் வழியில் ஜொக்கியைத் தள்ளிவிட்டு ஓடிவிடலாம். கூண்டுக்குள் நுழைய மறுக்கலாம். இவையெல்லாம் விலகல்கள்.

ஆனால் குதிரை கூண்டுக்குள் போய், கதவு முறைப்படி திறந்த பின் வெளியே வராமல் நின்றால் அது ஓடிய குதிரையாகவே கருதப்படும். தடை தாண்டும் பந்தயங்களில் நாடா உயர்ந்த பிறகு கால் எடுத்து வைக்காமல் நிற்கும் குதிரைக்கும் இதே நிலைதான். அதற்குப் பணம் கட்டியவர் தோற்றவர். ஏனையவர்களின் சீட்டில் கழிப்பும் இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணக்கில் அவை வேறுவேறு.

உங்களுடைய குதிரையே விலகினால் ரூல் 4 இற்கு வேலையில்லை. இறுதிப் பட்டியல் முடிவான பிறகு கட்டியிருந்தால் பணம் முழுமையாகத் திரும்பும். பல வாரங்களுக்கு முன்னரே ‘ஆன்ட்டி-போஸ்ட்’ முறையில் கட்டியிருந்தால், விசேட சலுகை எதுவும் இல்லாத பட்சத்தில், அந்தப் பணம் திரும்பாது. அதற்குப் பதிலாக ஆன்ட்டி-போஸ்ட் சீட்டு வென்றால் வேறு குதிரைகள் விலகியதற்காக அதில் கழிப்புச் செய்யப்படுவதும் இல்லை.

சீட்டில் உள்ள நேரமே சாட்சி

ஒரே பந்தயத்தில் ஒரே குதிரைக்குக் கட்டிய இருவருக்கு வெவ்வேறு தொகை கிடைப்பதுண்டு. காரணம் நேரம். பேவரிட் விலகியதும் கடைகள் பழைய விலைகளை அழித்துவிட்டு, எஞ்சிய குதிரைகளுக்குப் புதிய, குறைந்த விலைகளைப் போடும். அந்தப் புதிய விலையில் கட்டியவருக்குக் கழிப்பு இல்லை. அவர் வாங்கிய விலையிலேயே விலகல் அடங்கியிருக்கிறது. பழைய விலையில் கட்டியவருக்குத்தான் கழிப்பு.

இரண்டு குதிரைகள் வெவ்வேறு நேரங்களில் விலகினால் இதையே இரண்டு முறை பார்க்க வேண்டும். காலை 10 மணிக்கு 2/1 குதிரை ஒன்றும் பிற்பகல் 2 மணிக்கு 6/1 குதிரை ஒன்றும் விலகுகின்றன. 9 மணிக்குக் கட்டியவருக்கு 30 உம் 10 உமாக 40 பென்ஸ். நண்பகலில் புதிய விலையில் கட்டியவருக்கு 10 பென்ஸ் மட்டும். அவரிடம் 40 பென்ஸ் கழித்திருந்தால் அது பிழை. சீட்டில் அச்சிடப்பட்டுள்ள நேரம் அதைக் காட்டிவிடும். அதனால்தான் பணம் எடுக்கும் முன் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

விலை எதுவும் கேட்காமல் ‘ஸ்டார்ட்டிங் பிரைஸ்’ முறையில், அதாவது ஓட்டம் தொடங்கும்போது இருக்கும் விலைக்குக் கட்டியவர்களின் நிலை சற்று வேறுபடும். சீட்டில் அது SP என்று இருக்கும். புதிய விலைகள் உருவாகப் போதிய நேரம் இருந்திருந்தால் அவர்களுக்குக் கழிப்பு இல்லை. கூண்டு வாசலில் கடைசி நிமிடத்தில் குதிரை விலகி, விலைகள் மாற நேரமில்லாமல் ஓட்டம் தொடங்கினால் அவர்களுக்கும் கழிப்பு உண்டு. இதை ஊகிக்க வேண்டியதில்லை. பந்தய முடிவுகள் வெளியாகும்போது, கழிப்பு எல்லாப் பந்தயங்களுக்குமா அல்லது விலகலுக்கு முன்னர் விலை பேசிக் கட்டியவற்றுக்கு மட்டுமா, பவுணுக்கு எத்தனை பென்ஸ் என்பது முடிவின் அடியில் குறிப்பிடப்படும். ஸ்டார்ட்டிங் பிரைஸில் கட்டியவர் தமது பணத்தைச் சரிபார்க்க அந்த ஒரு வரியே போதும்.

2015 அஸ்கொட்: பேவரிட் இல்லாத பெரும் பந்தயம்

இந்த விதியின் முழு வீச்சையும் காட்டிய ஒரு நாள் 2015 ஜூலை 25. அஸ்கொட்டில் நடைபெற்ற கிங் ஜோர்ஜ் பந்தயத்தில் அந்த ஆண்டின் எப்சம் டேர்பியை வென்ற கோல்டன் ஹோர்ன் ஓடவிருந்தது. ஈவன்ஸுக்கும் குறைவான விலையில் அது பேவரிட்டாக இருந்தது. மழையால் நிலம் மென்மையாகிவிட, பந்தய நாளிலேயே பயிற்சியாளர் ஜோன் கொஸ்டன் அதை விலக்கிக்கொண்டார். போஸ்ட்போன்ட் என்ற குதிரை, ஈகிள் டொப்பை மூக்கு நுனி வித்தியாசத்தில் முந்தி வென்றது.

முதல்நாள் இரவே போஸ்ட்போன்டுக்கு விலை பேசிக் கட்டியவர்களுக்கு அட்டவணைப்படி இலாபத்தில் பாதியோ அதற்கு மேலோ கழிய வேண்டும். விலகல் செய்திக்குப் பிறகு புதிய விலையில் கட்டியவர்களுக்குக் கழிப்பே இல்லை. சீட்டில் உள்ள பெரிய இலக்கத்தைப் பார்த்து முந்தியவர் அதிர்ஷ்டசாலி என்று முடிவுகட்ட முடியாது. இருவரும் கையில் வாங்கிய தொகையை ஒப்பிட்டால்தான் யாருக்கு எவ்வளவு என்பது தெரியும்.

இரட்டைப் பந்தயத்தில் நடக்கும் பிழை

இரண்டு பந்தயங்களை இணைத்து ‘டபிள்’ கட்டும்போது, முதல் பந்தயத்தில் கிடைப்பது அப்படியே இரண்டாவதற்குப் போகிறது. விலகல் நடந்த பந்தயத்தில் மட்டுமே கழிப்புச் செய்ய வேண்டும். உதாரணமாக 5 பவுண் டபிள். முதற் பந்தயத்தில் 5/1 குதிரை வெல்கிறது, 30 பென்ஸ் கழிப்பு. இரண்டாவதில் 2/1 குதிரை வெல்கிறது, கழிப்பு இல்லை.

முதற் பந்தயத்தில் இலாபம் 25 பவுண். 7.50 கழிந்தால் 17.50. கட்டிய 5 உடன் 22.50 பவுண். இந்த 22.50 முழுவதும் இரண்டாவது பந்தயத்தில் 2/1 இற்குப் போகிறது. இலாபம் 45 பவுண், மொத்தம் 67.50 பவுண். இதுவே சரியான தொகை.

கையால் கணக்குப் போடுபவர்கள் சிலவேளை கழிப்பில்லாமல் கடைசிவரை போய், 90 பவுண் என்று எடுத்து, அதில் கட்டிய 5 போக 85 பவுண் இலாபத்தில் 30 வீதம் கழித்து 64.50 பவுண் தருவார்கள். வித்தியாசம் 3 பவுண்தான். ஆனால் ஐந்தாறு பந்தயங்களை இணைத்த சீட்டுகளில் இதே பிழை பெரிய தொகையாக வளரும்.

அட்டவணை யார் பக்கம்?

கழிப்பு கடைக்காரருக்கே சாதகமானது என்பது பொதுவான எண்ணம். அட்டவணையைக் கூர்ந்து பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு படியிலும் உள்ள மிகக் குறைந்த வாய்ப்பை ஒட்டியே கழிப்பு வைக்கப்பட்டுள்ளது. 6/1 குதிரைக்கு அதன் விலைப்படி ஏழில் ஒரு வாய்ப்பு, அதாவது 14 வீதத்துக்குச் சற்று அதிகம். ஆனால் அது விலகினால் கழிப்பது 10 வீதமே. 16/1 விலையில் உள்ள மூன்று குதிரைகள் ஒன்றாக விலகினாலும் கழிப்பு ஒன்றுமில்லை. மேலும் கட்டிய பணம் தொடப்படுவதில்லை. நமது உதாரணத்தில் நியாயமான புதிய விலை 3/1. 45 பவுண் பெற்றவருக்குக் கிடைத்தது மூன்றரைக்கு ஒன்று.

இதை அப்படியே இலாபம் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. கடைகள் போடும் விலைகள் எல்லாவற்றிலும் அவர்களுடைய சொந்த இலாபம் ஏற்கனவே சேர்க்கப்பட்டிருக்கும். ஆகவே 2/1 என்று எழுதிய குதிரையின் உண்மையான வாய்ப்பு மூன்றில் ஒன்றைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

பந்தயம் கட்டியவர் உண்மையில் அடிபடுவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, மேலே பார்த்த ஈச்-வே இடங்கள் குறைவது. மற்றது, விலகிய குதிரையின் விலை இடையில் சுருங்குவது. நீங்கள் கட்டும்போது 6/1 இல் இருந்த குதிரைக்குப் பலரும் பணம் கட்டியதால் அது 2/1 ஆகி, பின்னர் விலகினால் உங்களுக்கு 30 பென்ஸ் கழியும். நீங்கள் விலை பேசிய நேரத்தில் அந்தக் குதிரையின் மதிப்பு 10 பென்ஸ்தான் என்ற வாதம் எடுபடாது. விதி பார்ப்பது விலகிய நேரத்து விலையை மட்டுமே. எனவே கழிப்புப் பற்றிச் சந்தேகம் வந்தால் கடையிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, “எந்தக் குதிரை, எத்தனை மணிக்கு, என்ன விலையில் விலகியது?” என்பதே.

தகராறு வந்தால்

பிரித்தானியாவில் முதலில் நிறுவனத்திடமே எழுத்து மூலம் முறையிட வேண்டும். சீட்டு இலக்கம், கட்டிய நேரம், விலை, உங்கள் கணக்கின்படி வரவேண்டிய தொகை ஆகியவற்றைக் குறிப்பிட்டால் போதும். நிறுவனத்தின் இறுதிப் பதில் திருப்தியளிக்காவிட்டால், அல்லது எட்டு வாரங்களாகியும் முடிவு கிடைக்காவிட்டால், சுயாதீன நடுவர் அமைப்பு ஒன்றிடம் போகலாம். உரிமம் பெற்ற நிறுவனங்கள் அத்தகைய ஓர் அமைப்பைக் குறிப்பிட்டிருக்க வேண்டும். பந்தய விடயங்களில் பரவலாக அறியப்பட்டது ஐபாஸ், திரையில் IBAS என்று காணப்படும். அதற்கு முறைப்பாட்டாளர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. சூதாட்ட ஆணைக்குழு உரிமங்களைக் கண்காணிக்கும் அமைப்பு. தனிப்பட்ட ஒருவரின் பணத்தைப் பெற்றுக்கொடுப்பது அதன் வேலையல்ல.

இலங்கையில் உள்ள புக்கி கடையில் அதே பிரித்தானிய ரேஸுக்குக் கட்டினால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அங்கே செல்லுபடியாவது அந்தக் கடை தனது சுவரிலோ சீட்டின் பின்புறத்திலோ போட்டிருக்கும் நிபந்தனைகளே. விலகலுக்குக் கழிப்பு உண்டா, எந்த அட்டவணைப்படி, ஈச்-வேக்கு எத்தனை இடங்கள் என்பவற்றைப் பணத்தைக் கொடுக்க முன்னர் கேட்டுக்கொள்ள வேண்டும். சீட்டுக் கைக்கு வந்த பின்னர் கேட்பதில் பயனில்லை.

நேர வித்தியாசத்தையும் மறக்கக்கூடாது. கோடை காலத்தில் இலங்கை பிரித்தானியாவைவிட நான்கரை மணித்தியாலங்கள் முந்தியிருக்கிறது, குளிர் காலத்தில் ஐந்தரை. இங்கே காலை 10 மணிக்கு ஒருவர் விலை பேசிக் கட்டும்போது கோடையில் அங்கே அதிகாலை ஐந்தரை. பயிற்சியாளர்கள் நிலத்தின் ஈரத்தைப் பார்த்து முடிவெடுப்பது அதற்குப் பிறகுதான். பிற்பகல் 2 மணி ரேஸ் இங்கே மாலை ஆறரைக்கு ஓடும். இடைப்பட்ட அந்த எட்டரை மணித்தியாலத்தில் எந்தக் குதிரை விலகினாலும் காலையில் வாங்கிய சீட்டின் பெறுமதி மாறிவிடும். காலைச் சீட்டில் எழுதப்பட்டுள்ள விலை, கிடைக்கக்கூடிய ஆகக் கூடிய தொகையை மட்டுமே சொல்கிறது. கையில் வரப்போகும் தொகையை அது உறுதிசெய்வதில்லை.